மொத்த ஆர்டர் குறித்து

மன்னார்குடி,
ஆடி 5

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தனியார் மருத்துவமனை ஊழியர்களுக்கான 300 சட்டைகளுக்குத் தையற்கூலி தலா 190 ரூபாய்தான் தருகிறார்கள் என்பதாலும், நம் கணக்கில் ஒரு சட்டையின் அடக்கம் 215 ரூபாய் என்பதாலும், இது நஷ்டம் என்று தாங்கள் மறுக்க எண்ணுவதாக அறிந்தேன்.

அந்த 215 ரூபாயில் பீஸ் ரேட் கூலி 110, நூல், பட்டன், கேன்வாஸ், காஜா 25, மின்சாரம் 5 ஆக 140 ரூபாய் மட்டுமே ஒவ்வொரு சட்டைக்கும் புதிதாகச் செலவாகும். மீதி 75 ரூபாய், கடை வாடகை, கட்டிங் மாஸ்டர் சம்பளம், மெஷின் கடன் தவணை ஆகிய மாதம் 30,000 ரூபாயை வழக்கமான 400 சட்டைகளுக்குப் பங்கிட்டது. இந்த ஆர்டரை ஏற்றாலும் மறுத்தாலும் அத்தொகையைக் கட்டியே தீர வேண்டும். ஆகவே சட்டைக்கு 50 வீதம் 15,000 ரூபாய் கூடுதலாகவே நிற்கும்.

ஆடியில் கல்யாணத் தையல் இல்லாமல் மெஷின்கள் சும்மா கிடப்பதால்தான் இது பொருந்துகிறது. வேலை ஆவணிக்கு இழுத்தால், 260 ரூபாய்க்குத் தைக்கும் வாடிக்கையாளர் ஒருவரைத் திருப்பியனுப்பும்போதெல்லாம் 120 ரூபாய் போய்விடும். 125 சட்டைகள் கைவிட்டுப் போனால் லாபம் முழுவதும் கரைந்துவிடும். எனவே ஆடிக்குள் முடிப்பதாகவும், பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவதாகவும் எழுதி வாங்குங்கள். மருத்துவமனைகள் பில்லை இழுத்தடிப்பது தாங்கள் அறியாததல்ல. துணி அவர்களுடையது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கடைக் கணக்கர்