எட்டு வசனங்களையும் வாசிக்கச் சொன்னவர்: தாத்தாவின் அடக்க ஆராதனையில் ஆற்றிய நினைவுரை

குருவானவர் ஐயா அவர்களுக்கும், சபையாருக்கும், சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கும், தாத்தாவோடு சேர்ந்து பனையேறிய பெரியவர்களுக்கும் என் தோத்திரம். மூத்த பேத்தி என்பதால் குடும்பத்தின் சார்பில் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு, வானத்தின் கீழிருக்கிற ஒவ்வொரு காரியத்திற்கும் ஒவ்வொரு சமயமுண்டு.” பிரசங்கி 3ஆம் அதிகாரத்தின் இந்த முதல் வசனம் நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தாத்தா அதோடு நிறுத்த விடமாட்டார். குடும்ப ஜெபத்தில் இந்தப் பகுதி வந்தால் எட்டு வசனங்களையும் முழுதாக வாசிக்க வேண்டும். கொல்லவும் பகைக்கவும் காலமுண்டு என்று வருகிற இடங்களில் பிள்ளைகளாகிய எங்கள் குரல் தணிந்துவிட்டால், அந்த வரியை மறுபடியும் உரக்க வாசிக்கச் சொல்வார். துக்கவீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிற வசனமாக அவர் அதைக் கருதியதாக எனக்குத் தோன்றவில்லை. 1938இல் பிறந்து, மீசை அரும்பும் முன்பே மரமேறத் தொடங்கிய ஒரு பனையேறிக்கு அது அன்றாட வேலையின் ஒழுங்கைச் சொன்ன வசனமாகவே இருந்திருக்க வேண்டும்.

பனையின் வேலை காத்திருக்காது என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து வந்திருக்கும் என் வயதினருக்காகச் சொல்கிறேன். பருவம் தொடங்கிவிட்டால் பாளையை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஏறிச் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் சீவிய முகம் காய்ந்து, பதநீர் வடிவது நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால், வெயில் ஏறுவதற்குள் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும் என்பதால், தாத்தா மரத்திலிருந்து இறங்கும் நேரத்துக்கு ஆச்சி விடிலியில் அடுப்பை மூட்டித் தயாராக இருப்பார்கள். பாகு பதமாகும் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் கருப்பட்டி சிரட்டையில் சரியாக உறையாது. ஓய்வுநாளில் ஏன் மரமேறுகிறீர்கள் என்று அந்நாளைய குருவானவர் ஒருவர் கேட்டதற்கு, “பாளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதுங்க ஐயா, எனக்குத் தெரியும்” என்று தாத்தா சொன்னாராம். ஞாயிறுதோறும் இருட்டோடு ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முதல் மணி அடிக்கும்போது ஆலயத்தில் இருப்பார். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததென்றே நினைக்கிறேன்.

“நட ஒரு காலமுண்டு, நட்டதைப் பிடுங்க ஒரு காலமுண்டு” என்கிற வரியை அவர் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பனம்பழம் விழுந்து முடிந்ததும் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியில் பதிப்பார். வடகிழக்குப் பருவமழை அவற்றை முளைக்கவைக்கும். பொங்கலை ஒட்டி அந்தப் பாத்தியைத் தோண்டிப் பனங்கிழங்கு எடுப்போம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவித்த கிழங்கை உரித்துத் தின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு கொட்டையைப் பாத்தியில் சேர்க்காமல், வேலியோரமாகத் தனித்தனியாக ஊன்றிவிட்டு வருவார். அவற்றைப் பிடுங்கக் கூடாது. பனை பாளைவிடப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும்; அது ஆண்பனையா பெண்பனையா என்பதுகூடப் பாளை வரும்வரை யாருக்கும் தெரியாது. தன் பிள்ளைகள் மரமேறக் கூடாது, படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற மனிதர், அந்த மரங்களை யாருக்காக நட்டார் என்று நான் வளர்ந்த பிறகு கேட்டேன். “நான் ஏறுனதெல்லாம் நான் நட்டதா?” என்று திருப்பிக் கேட்டார்.

இனி, குரல் தணிக்காமல் வாசிக்கச் சொன்ன வரிக்கு வருகிறேன். “சிநேகிக்க ஒரு காலமுண்டு, பகைக்க ஒரு காலமுண்டு, யுத்தம்பண்ண ஒரு காலமுண்டு, சமாதானம்பண்ண ஒரு காலமுண்டு.” தாத்தாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் இடையே எல்லைப் பனைகளைப் பற்றி எழுந்த வழக்கு இந்தச் சபையில் எல்லோரும் அறிந்தது, அதை மறைத்து அவரை ஒரு சாந்தமூர்த்தியாகக் காட்டினால், அவரே என்னை உட்காரச் சொல்லியிருப்பார். பல ஆண்டுகள் இருவரும் ஒரே ஆலயத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திருவிருந்தில் பங்குபெற்று, வாசலில் ஒருவரையொருவர் பாராமல் போனார்கள். அசனப் பண்டிகையன்று பந்தியில்கூட ஒரே வரிசையில் உட்கார்ந்ததில்லை. முடித்துவைத்தது பஞ்சாயத்து இல்லை. சின்னத் தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபோது, அது பாளை சீவும் உச்சப் பருவம். மறுநாள் விடியலில், யாரும் கேட்காமலே, தாத்தா தம்பியின் மரங்களில் ஏறினார். அந்த எல்லைப் பனைகளிலும் ஏறி, இறக்கிய பதநீரைத் தம்பி வீட்டு விடிலியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினார். பருவம் முடியும்வரை அப்படியே செய்தார். ஆடி மாதத்தில் ஒரு மாலை சின்னத் தாத்தா கம்பு ஊன்றி எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தபோது, ஆச்சி இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். மன்னிப்பு என்கிற சொல்லை இருவருமே உச்சரித்ததாகத் தெரியவில்லை. மவுனமாயிருக்கக் காலமுண்டு என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

தழுவுவதற்கு அவருக்குக் காலம் வாய்க்கவே இல்லை என்று என் அப்பா சொல்வதுண்டு. பனையை அணைத்து அணைத்துத் தழும்பேறிய மார்பு அது. பிள்ளைகளை அதில் சேர்த்துக்கொள்ள அவர் கூச்சப்பட்டாரோ என்னவோ. பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கூச்சம் கொஞ்சம் விட்டிருந்தது. என் தம்பி அவர் மடியில் உட்கார்ந்து அந்தத் தழும்புகளை விரலால் தடவிக் கேள்வி கேட்பான். அவர் சிரித்துக்கொண்டு பதில் சொல்வார். அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசி மாதங்களில் மருத்துவர்கள் இன்னோர் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசியபோது, செலவையும் வலியையும் நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பருவம் முடிந்ததென்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். 87 வயதில் அது சோர்விலிருந்து வந்த முடிவு என்று நான் அன்று நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடன் யாருக்கும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பாளை அரிவாளை இன்னமும் ஏறுகிற பக்கத்துவீட்டு மாமாவுக்குக் கொடுத்தார். ஆச்சியின் மருந்து எந்த டப்பாவில் இருக்கிறதென்று என் அம்மாவுக்குக் காட்டினார். “பிறக்க ஒரு காலமுண்டு, இறக்க ஒரு காலமுண்டு” என்பதை எங்களிடம் அவர் ஒருபோதும் மேற்கோளாகச் சொல்லவில்லை.

அழ ஒரு காலமுண்டு என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆச்சி, நீங்கள் அழுவதை யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட சபைப் பெண்களுக்கும், குழி வெட்டிய இளைஞர்களுக்கும் குடும்பத்தின் நன்றி.

ஜெபம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படுகிறோம். பெட்டியின் தலைமாட்டைச் சின்னத் தாத்தாவின் மகன்கள்தான் தூக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிவைத்திருக்கிறார். சித்தப்பாமார் இருவரும் முன்னே வாருங்கள்.