வியாழக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகும் வழி

அம்மிணி,

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதுகிறேன். புதன் ராத்திரி எனக்கு நைட் ஷிப்ட், விடியற்காலையில் திருப்பூரிலிருந்து கிளம்பி வந்து உன்னைக் கூட்டிப்போக முடியாது. இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

ஒன்பதரைக்குள் சரவணம்பட்டி ஆபீஸில் இருக்கவேண்டும் என்று மெயிலில் இருக்கிறது. நம் ஊருக்கு 5.40 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டு மணிக்குத்தான். அதில் ஏறினால் புளியம்பட்டியிலேயே எட்டரை. அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, வேலைக்கு ஆகாது. அதனால் முதல் பஸ். ஐந்தரைக்கே ஸ்டாப்பில் நில். டவுன் பஸ்ஸில் உனக்குக் காசில்லை, கோயமுத்தூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவேண்டும். நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்.

5.55 வரை பஸ் வரவில்லையா, பெரியப்பாவுக்குப் போன் போடு. 'இதோ வந்துவிடும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள், கேட்காதே. அவர்களுக்கு இன்டர்வியூ இல்லை. பெரியப்பாவிடம் நான் பேசிவிட்டேன், எக்ஸெல்லில் புளியம்பட்டியில் விட்டுவிடுகிறேன் என்றார். ஆனாலும் புதன் சாயங்காலமே வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டுவிடு. ரிசர்வில் ஓட்டுவதுதான் அவர் பழக்கம்.

வியாழக்கிழமை புளியம்பட்டி மாட்டுச் சந்தை, மறந்துவிடாதே. வியாபாரிகளும் மாடு ஏற்றின வண்டிகளும் ரோட்டை அடைத்துக்கொள்ளும். சத்தியிலிருந்து வரும் பஸ்ஸே நிறைந்துதான் வரும். உட்கார இடமில்லை என்று ஒரு பஸ்ஸையும் விடாதே, அன்னூரில் நிறையப் பேர் இறங்குவார்கள். புளியம்பட்டியில் திருப்பூர் பஸ்ஸும் வரும், போர்டைப் பார்த்து ஏறு. ஏறும்போதே 'சரவணம்பட்டி நிற்குமாண்ணா?' என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள். காந்திபுரம் வரைக்கும் போகவே வேண்டாம், போனால் அதே ரோட்டில் திரும்பி வரவேண்டியிருக்கும். கோவில்பாளையம் தாண்டியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடு.

வழியில் பஸ் நின்றுபோனால் பயப்படாதே. பின்னால் வரும் பஸ்ஸில் கண்டக்டரே ஏற்றிவிடுவார், டிக்கெட்டை மட்டும் கசக்கித் தூக்கிப் போட்டுவிடாதே. கோவில்பாளையத்துக்கு இந்தப் பக்கமே ஒன்பது மணி ஆகிவிட்டால் ஹெச்.ஆர். நம்பருக்குக் கூப்பிடு. 'சார், இன்று ஒன்பதரைக்கு இன்டர்வியூவுக்கு வரவேண்டும். பஸ் பழுதாகிவிட்டது, கோவில்பாளையம் பக்கத்தில் இருக்கிறேன், பத்து மணிக்குள் வந்துவிடுவேன். வரலாமா?' அவ்வளவுதான். ஸாரி ஸாரி என்று இழுக்காதே. ஒன்பதரைக்கு அப்புறம் சொல்வதைவிட முன்னாலேயே சொல்வதுதான் மரியாதை. அங்கிருந்து ஆட்டோ பிடித்தாலும் சரி, காசு நான் அனுப்புகிறேன்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் டவுன் பஸ் ஊருக்குள் வராது, பெரியப்பா வண்டியும் போகாது. மத்தியானத்துக்குள் மழை விடவில்லை என்றால் நாலரை பஸ்ஸில் கிளம்பி கணபதியில் அத்தை வீட்டுக்குப் போய்விடு. அங்கிருந்து சரவணம்பட்டி பக்கம்தான். அத்தை வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று அம்மா தயங்குவார்கள். ஒரு ராத்திரிக்கு ஹாலில் பாய் போட்டுப் படுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன்.

மார்க் ஷீட், புரொவிஷனல், ஆதார் எல்லாம் ஒரிஜினல் ஒரு கவரில், ஜெராக்ஸ் இன்னொரு கவரில். ஜெராக்ஸைப் புதன்கிழமையே எடுத்துவிடு, காலை ஆறு மணிக்குக் கடை திறந்திருக்காது. மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொள், ஹெச்.ஆர். நம்பரைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வை. போன் அணைந்தாலும் யாரிடமாவது வாங்கிப் பேசலாம்.

எல்லாம் சரியாக நடந்தால் எட்டு மணிக்கு முன்னாலேயே சரவணம்பட்டியில் இறங்கிவிடுவாய். ரொம்பச் சீக்கிரமாக வந்துவிட்டோமே என்று நினைக்காதே. முதலில் கம்பெனி கேட் எங்கே என்று பார்த்துவிட்டு வா. அப்புறம் ஏதாவது பேக்கரியில் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிடு. ஓட்டலில் சாம்பார் பக்கமே போகாதே, வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தது நீதான். ஒன்பது மணிக்கு செக்யூரிட்டியிடம் பேர் எழுதிவிட்டு, உள்ளே போனதும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொள். கூச்சப்படாதே, வீட்டைவிட்டுக் கிளம்பி மூணு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

நீ போகிற மெடிக்கல் பில்லிங் வேலையில் பெரும்பாலும் நைட் ஷிப்ட் இருக்கும். கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதே, வீடு வரை கேப் உண்டா, ஹாஸ்டல் உண்டா என்று கேட்டுவிட்டுச் சொல்.

முடிந்ததும் எனக்கு மெசேஜ் போடு, தூங்கினாலும் எழுந்து பார்ப்பேன். திரும்பி வரும்போது புளியம்பட்டியில் கடைசி டவுன் பஸ் எட்டே காலுக்கு. நேரமாகும் போலத் தெரிந்தால் பெரியப்பாவை அங்கேயே வரச் சொல்லிவிடு.

அண்ணன்