லேட் என்ட்ரி எச்சரிக்கைக்குப் பதில்

வணக்கம் மேடம்,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். உடனே பதில் போட்டால் படபடப்பில் ஏதாவது எழுதிவிடுவேன் என்று காலையில் எழுதுகிறேன். ஜூலையில் மூன்று முறை ஹாஸ்டலுக்கு லேட், இன்னொரு முறை நடந்தால் அப்பாவை வரச் சொல்வேன் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றில் இரண்டு என் தப்புதான்.

6ஆம் தேதி ஊரிலிருந்து திரும்பிய நாள். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு ஏழு மணிக்கே வந்துவிட்டேன். அங்கிருந்து ஆட்டோவில் வந்திருந்தால் ஏழரைக்குள் கேட்டைத் தாண்டியிருப்பேன். 150 ரூபாய் கேட்டார்கள். கொடுக்க மனசில்லாமல் இலவச டவுன் பஸ்ஸுக்காக நின்றேன். 8.25 ஆகிவிட்டது. 15ஆம் தேதி நத்தம் ரோடு நூலகத்திலிருந்து கிளம்பியதே லேட், கோரிப்பாளையத்தில் டிராஃபிக் வேறு. அதற்கும் சாக்கு சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளும் உங்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

23ஆம் தேதியை மட்டும் நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். அன்று ஆறரைக்கே நான் ஹாஸ்டலில் இருந்தேன், மாலை வருகைப் பதிவில் என் கையெழுத்து இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் என் ரூம்மேட்டுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. நீங்கள் அன்று லீவு. துணை வார்டன் மேடம்தான் அவுட்பாஸில் கையெழுத்துப் போட்டு, அவளுடன் என்னையும் அனுப்பி வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, மூச்சு சீராகும்வரை உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது மணி 10.15. கேட்டில் ஷிஃப்ட் மாறியிருந்தது. புதிதாக வந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு விஷயம் தெரியாது, அதனால் லேட் என்ட்ரி நோட்டில் எழுதச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நானும் அந்த நேரத்தில் அவளை மாடிக்குக் கூட்டிப்போனால் போதும் என்றிருந்தேன், அவுட்பாஸைக் காட்டத் தோன்றவில்லை.

அந்த அவுட்பாஸும் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. இன்று மாலை ஐந்து மணிக்கு ஆபீஸுக்குக் கொண்டுவருகிறேன். துணை வார்டன் மேடத்திடமும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். பார்த்துவிட்டு 23ஆம் தேதி பதிவை மட்டும் நீக்கித் தாருங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் தாராளமாகப் பேசுங்கள் மேடம். காலை பத்து மணிக்கு மேல் பேசினால் நல்லது. விடியுமுன்னே மல்லிகைப் பூவை மார்க்கெட்டில் போடப் போய்விடுவார், சாயங்காலம் சீக்கிரமே படுத்துவிடுவார். ராத்திரி நேரத்தில் ஹாஸ்டல் நம்பரிலிருந்து போன் வந்தால் வீட்டில் பதறிப்போவார்கள்.

இனி ஊருக்குப் போனால் மூன்று மணி பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறேன். வழியில் ஏதாவது தடங்கல் என்றால் ஏழு மணிக்குள் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செல்வி
இரண்டாமாண்டு கணிதம், அறை 214