பழைய இதழ்களை யுனிகோடுக்கு மாற்றுவது: 3-ஆம் தேதி அனுப்பிய முன்மொழிவு பற்றி இன்னொரு சிறு நினைவூட்டல்

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் காலாண்டிதழின் பழைய 72 இதழ்களையும் யுனிகோடுக்கு மாற்றித் தருவது பற்றிக் கடந்த 3-ஆம் தேதி ஒரு முன்மொழிவு அனுப்பியிருந்தேன். 8-ஆம் தேதி இரண்டு வரியில் நினைவூட்டியும் எழுதினேன். இன்றோடு பத்து நாள் ஆகிறது. அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் நேரம் என்று நீங்கள் சந்தித்தபோதே சொன்னீர்கள். அந்த நெருக்கடியில் பதினான்கு பக்க முன்மொழிவை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அதை நான்கு பக்கத்தில் முடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அதோடு இணைத்திருந்த கோப்பு கொஞ்சம் பெரியது. அதனால் மடல் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்திருக்கலாம். எனவே இந்த முறை எதையும் இணைக்கவில்லை. முடிவெடுக்கத் தேவையானதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இடைப்பட்ட நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. மாதிரிக்கு நீங்கள் கொடுத்த இரண்டு குறுந்தகடுகளில் ஒன்றிலிருந்து 64 பக்க இதழ் ஒன்றை முழுதாக மாற்றிப் பார்த்தேன். கோப்பு பேஜ்மேக்கரில் செய்தது. இப்போதைய இன்டிசைன் அதைத் திறக்காது என்பதால் என் பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. எழுத்துரு பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே `jkpo;` என்றுதான் தெரிகிறது. உங்கள் பதினெட்டு வருட உழைப்பும் தேடுபொறிக்கு இப்படித்தான் தெரியும், அதாவது, தெரியாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டால் முடிந்ததே என்று ஆசிரியர் குழுவில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கத்தில் 31 பிழைகள். ‘வெள்ளம்’ வருகிற இடமெல்லாம் ‘வௌ்ளம்’ என்று ஆகியிருந்தது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசைதான். ஒற்றைக் கொம்பு, வ, ள என்று வரிசையாகப் பார்த்தவுடன் மாற்றி அதை ‘வௌ’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் புள்ளி அந்தரத்தில் தொங்குகிறது. வெள்ளை, பெண்பால் ‘அவளை’ போன்ற சொற்களில் எது தப்பும், எது சிக்கும் என்பதைப் பழகினால்தான் சொல்ல முடியும்: ‘அவளை’ தப்பிவிடுகிறது, ‘வெள்ளை’ சிக்கிக்கொள்கிறது. இதைவிடப் பெரிய தொல்லை ஆங்கிலச் சொற்கள். கட்டுரைக்கு நடுவே வேறு எழுத்துருவில் இருந்தவற்றையும் அந்த மாற்றி தமிழாக நினைத்துக் கலக்கிவிட்டது. ஒரு நூல் மதிப்புரையில் பதிப்பு விவரம் முழுக்க மந்திரம் போல் இருந்தது.

இவற்றுக்காகச் சில விதிகள் எழுதி மீண்டும் ஓட்டியபோது அதே பத்துப் பக்கத்தில் 4 பிழைகள்தான் மிஞ்சின. அவையும் கண்ணால் படித்துத் திருத்த வேண்டியவை. அதனால்தான் முன்மொழிவில் மெய்ப்புப் பார்ப்பதற்கு அவ்வளவு நாள் கேட்டிருந்தேன். கணினி செய்கிற பங்கு சில நிமிடம். மீதி எல்லாம் மனிதக் கண்தான். மாற்றிய அந்த இதழ் என்னிடம் தயாராக இருக்கிறது. நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன். இதற்குத் தனியாகத் தொகை எதுவும் இல்லை, வேலையை என்னிடம் தந்தாலும் தராவிட்டாலும் அது உங்களுடையது.

இப்போது முன்மொழிவைப் பற்றி. மொத்தம் சுமார் 4,600 பக்கம், நான்கு மாதம் என்று எழுதியிருந்தேன். ஒரேயடியாக அவ்வளவுக்கும் சம்மதிப்பது ஒரு சிற்றிதழுக்குச் சுமை என்பது எனக்குப் புரிகிறது. முதலில் எட்டு இதழ்கள், அதாவது முதல் இரண்டு வருடம், மட்டும் செய்து பார்ப்போமா? மூன்று வாரத்தில் முடியும். பக்கத்துக்கான தொகை முன்மொழிவில் சொன்னதுதான். குறைவான இதழ்கள் என்பதற்காகக் கூட்ட மாட்டேன். பிடித்திருந்தால் தொடரலாம், இல்லையென்றால் அந்த எட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் வேலைக்காகச் சொல்வதல்ல. நீங்கள் கொடுத்த இரண்டு குறுந்தகடுகளில் ஒன்று முதல் தடவை படிக்கவே இல்லை. வேறொரு கருவியில் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, மூன்றாவது முயற்சியில்தான் கோப்புகள் வந்தன. வீட்டிலேயே பதிவு செய்த குறுந்தகடுகளின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கும். வெப்பமும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரமே போய்விடும். உங்கள் அலமாரியில் மீதி இருப்பவற்றை இந்த மாதத்துக்குள் யாரையாவது வைத்து ஒரு வன்தட்டில் நகலெடுத்துவிடுங்கள். அதையே இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். யுனிகோடு மாற்றம் அடுத்த வருடம்கூட நடக்கலாம், ஆனால் படிக்க முடியாமல் போன தகட்டை வைத்து எதுவும் செய்ய முடியாது. எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

என்னிடம் உள்ள இரண்டு தகடுகளையும், அவற்றின் நகலைப் போட்ட ஒரு பென்டிரைவையும் நீங்கள் சொல்லும் நாளில் நேரில் கொண்டுவந்து தருகிறேன். அது எப்படியும் திருப்பித் தர வேண்டியதுதான்.

பதில் எழுத நேரம் இல்லையென்றால் ஒரே சொல் போதும். ‘பேசலாம்’ என்றால் நான் தொலைபேசியில் அழைக்கிறேன். ‘பிறகு’ என்றால் இதழ் வெளிவந்து ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ‘வேண்டாம்’ என்றாலும் சரிதான் ஐயா, அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. வேறு யாரிடமாவது கொடுப்பதாக முடிவாகியிருந்தால் அவரிடம் நான் எழுதிய விதிகளைத் தருகிறேன், அதே ‘வௌ்ளத்தில்’ அவரும் சிக்க வேண்டாமே. முடிவெடுப்பது நீங்கள் இல்லை, நிர்வாகம் பார்ப்பவர்தான் என்றால், இந்த மடலை அவருக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

இந்த வேலைக்காக மாதக் கடைசிவரை என் நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதன் பிறகு இன்னொரு வேலை வரும் போலிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் உங்களுடையதை இரண்டு மாதம் தள்ளித்தான் தொடங்க முடியும். தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான். இனி நானாக எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இதழ்களை மாற்றித் தர முன்மொழிவு அனுப்பியவன்

பின்குறிப்பு: மாற்றிய இதழில் ஒரு வாசகர் கடிதம் இருக்கிறது. முந்தைய இதழில் பதினேழு அச்சுப்பிழைகள் என்று பக்க எண், வரி எண் போட்டு எழுதியிருக்கிறார். மெய்ப்புப் பார்க்கும்போது அந்தக் கடிதத்திலேயே ஒரு பிழை அகப்பட்டது. அது அவர் செய்ததா, அச்சில் வந்ததா தெரியவில்லை. திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.