மூக்குத்தி, ஹிஜாப், கைக்கயிறு: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கான கலந்துரையாடல் தாள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வருவதற்குள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நமக்குப் பாடமாகத் தெரிவது பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குத் தினமும் உடுத்தும் துணியாக இருக்கலாம். அதனால் யாரையும் எழுப்பி "உங்க மதத்துல என்ன சொல்றாங்க?" என்று கேட்காதீர்கள், அவரவர் தனக்காக மட்டும் பேசட்டும்.

முதலில் ஒரு மூக்குத்தி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு 2004-இல் பள்ளி விடுமுறையின்போது மூக்கு குத்தினார்கள். பள்ளி திறந்ததும் பிரச்சினை, ஏனென்றால் தோடு தவிர வேறு நகை கூடாது என்பது அங்கே விதி. வயதுக்கு வந்த பெண்ணுக்கு மூக்கு குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு முடிந்ததும் பாட்டி வைர மூக்குத்தி போட்டுவிடுவார், இது ஃபேஷன் இல்லை என்றார் அம்மா. பள்ளி விலக்குத் தரவில்லை. வழக்கு 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது.

மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லை என்று அம்மாவே ஒப்புக்கொண்டார். அப்படியும் அவர் பக்கம்தான் தீர்ப்பு வந்தது! கட்டாயமா இல்லையா என்பது முக்கியமில்லை, அந்தப் பெண் அதை மனதார மதிக்கிறாளா, விலக்குக் கொடுத்தால் பள்ளிக்கு உண்மையிலேயே என்ன கெடும் என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. இவளுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்களே என்று பள்ளி பயந்ததற்கு, இதுவரை தயங்கியவர்கள் தைரியமாக வெளியே வந்தால் அது கொண்டாட வேண்டியது என்றார் தலைமை நீதிபதி லங்கா. தீர்ப்பு வரும்போது அவள் பள்ளிப் படிப்பையே முடித்திருந்தாள், எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் அது.

இப்போது நம் ஊர். உடுப்பியில் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டதையும், எதிரே காவித் துண்டு போட்ட மாணவர்கள் நின்றதையும் டிவியில் பார்த்திருப்பீர்கள். 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் அத்தியாவசிய வழக்கம் இல்லை என்று சொல்லித் தடையை ஏற்றது. டர்பன் மூக்குத்தி வழக்கையும் அங்கே எடுத்துச் சொன்னார்கள், ஆனால் மூக்குத்தி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, சீருடையின் ஒருமையைக் கெடுக்காது என்று நீதிபதிகள் ஒதுக்கிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் பிரிந்தார்கள்: ஹேமந்த் குப்தா தடை சரி என்றார், சுதான்ஷு துலியா அந்தப் பெண்களின் விருப்பமும் படிப்பும்தான் பெரிது என்றார்.

என் கருத்தை மறைக்கவில்லை. "உன் மதத்தில் இது கட்டாயமா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்பது தவறான கேள்வி. கேரளத்தில் தங்கள் மத நம்பிக்கையால் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற, யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்து மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், அந்த நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்த்தது, அது நமக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை. நீங்கள் இதை மறுக்கலாம், காரணத்தோடு மறுங்கள்.

சரி, இனி உங்கள் வேலை.

ஐயப்பனுக்கு மாலை போட்ட பிளஸ் டூ மாணவன் தாடியோடும் வெறுங்காலோடும் வருகிறான். வகுப்பில் விடலாமா? வேதியியல் லேபில், அமிலம் இருக்கும் இடத்தில்? இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் ஏன் என்று எழுதுங்கள்.

சீருடை நிறத்திலேயே தலைத்துணி அணிந்துவரும் மாணவியைப் பொதுத்தேர்வு அறை வாசலில் அடையாளம் சரிபார்க்க வேண்டும். அவள் மானம் கெடாமல் அதை எப்படிச் செய்வீர்கள்? யார் செய்ய வேண்டும்?

ஒரே வகுப்பில் இரண்டு கைக்கயிறுகள். ஒன்று கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு, மற்றது சாதி நிறத்தில். நாங்குநேரியில் சாதிப் பகையால் சக மாணவனைப் பள்ளி மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. இங்கே என் வாதமே ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் சாதிக் கயிறு இன்னொரு பிள்ளையை மிரட்டுகிறது. கோயில் கயிற்றை மட்டும் விடலாமா, அப்புறம் எந்த ஆசிரியர் எப்படிப் பிரித்தறிவார்?

கடைசியாக, வீட்டில் கட்டாயப்படுத்துவதால் மட்டும் ஒரு மதச் சின்னத்தை அணிந்து வரும் மாணவி, ரகசியமாக உங்களிடம் அதைச் சொல்கிறாள். பள்ளி தடை போட்டால் அவளுக்கு விடுதலையா, இல்லை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்களா? இதைக் குழுவாகப் பேசாமல் தனியாக ஒரு பக்கம் எழுதி, பெயர் போடாமல் என் மேஜையில் வையுங்கள்.