தொடர்ச்சிக் குறிப்பு: 3ஆம் நாள், மவுண்ட் எட்ஜ்கூம்ப், டர்பன்

மேக்கப், காஸ்ட்யூம், ஆர்ட் மூவருக்கும். வலம், இடம் என்பதெல்லாம் நடிகருடைய பக்கம், கேமராவுடையது அல்ல.

இன்று காட்சி 22, அப்புறம் 9. நாளை 23, கதையில் 22 முடிந்த அதே நிமிடம்.

அண்ணன்: வெளிர்நீலச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. வலது கை முழங்கை வரை மடிப்பு, இடது கை அவிழ்ந்து தொங்குகிறது. எரித்த கரும்பின் சாம்பல் இடது தோளில் மட்டும். சட்டையைத் தயவுசெய்து துவைக்காதீர்கள், உதறவும் வேண்டாம்.

காயத்தில்தான் கவனம் தேவை. இடது உள்ளங்கையில், கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் பக்கம் சரிந்த வெட்டு. 22, 23இல் ஈர ரத்தம், மணிக்கட்டு வரை ஒரே ஒழுக்கு. 26 நான்கு நாள் கழித்து நடப்பது: ரத்தம் கிடையாது, கரும்பழுப்புப் பொருக்கு. கன்னத்துக் கன்றல் 23இல் சிவப்பு. 26இல் நடுவே ஊதா, ஓரத்தில் மஞ்சள். வலது முழங்கால் சிராய்ப்பு நிஜம், ஒத்திகையில் விழுந்தார். மருந்து போட்டாச்சு, கால்சட்டை மறைத்துவிடும். ஆனால் நாளை ஓட்டக் காட்சிக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வலித்தால் சொல்லத் தயங்குகிறார்.

தங்கை: ஒற்றைப் பின்னல் இடது தோளுக்கு முன்னால், வலது காதோரம் ஒரு கற்றை. இடது கையில் நான்கு கண்ணாடி வளையல். டேக் 5இல் ஒன்று உடைந்தது. இயக்குநர் அந்த டேக்கையே வைத்துக்கொண்டதால் காட்சி 10 முதல் மூன்றுதான்.

பொருள்கள்: கரும்புக் கத்தி ரப்பர், பிடியில் சிவப்புத் துணி. காட்சி 9இன் பனி சௌ, மேல் ரொட்டித் துண்டு எடுத்தபடி, குழம்பு பாதி. குளோசப் பாக்கி இருக்கிறது, அதே கடையில் அதே கால் ரொட்டி அளவு வாங்குங்கள்.