உதவித்தொகை தந்த ஐயாவுக்கு ஒரு வேதியியல் மாணவியின் நன்றிக் கடிதம்

மதுரை,
12.04.2025

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எங்கள் கல்லூரி வழியாக வழங்கிவரும் உதவித்தொகையைப் பெற்று, இரண்டு ஆண்டுகளாக இளநிலை வேதியியல் படித்துவரும் மூன்றாமாண்டு மாணவி நான். சென்ற வாரமே தங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி முடித்திருந்தேன். அலுவலகத்தில் வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து எழுதிய அந்தக் கடிதத்தில், தங்கள் கருணை உள்ளத்துக்குத் தலைவணங்குவதாகவும், தாங்கள் செய்த உதவியை ஏழேழு பிறப்புக்கும் மறவேன் என்றும், தாங்கள் நீடூழி வாழ இறைவனை இறைஞ்சுவதாகவும் எழுதியிருந்தேன். அவை யாவும் என் மனத்தில் உள்ளவைதாம். ஆனால் உறையில் இடும் முன்பு ஒருமுறை வாசித்துப் பார்த்தபோது, நான் யார், என்ன படித்தேன், தாங்கள் அனுப்பிய பணம் எங்கே போயிற்று என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை என்பது உறுத்தியது. அடியில் என் அறைத்தோழி கையெழுத்திட்டிருந்தாலும் அது அப்படியே பொருந்தியிருக்கும். ஆகவே அதை எடுத்து வைத்துவிட்டு, முதலிலிருந்து எழுதுகிறேன். கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

என் ஊர் இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கரிமூட்டத் தொழிலாளர்கள். சீமைக்கருவேல மரங்களை வெட்டி, விறகையும் தூர்க்கட்டையையும் தரம் பிரித்துக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடித் தீ வைப்பார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். மண்பூச்சில் எங்காவது வெடிப்பு விழுந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், உள்ளே கரியாக வேண்டிய கட்டையெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். எனவே மூட்டம் ஆறும்வரை பல நாள்களுக்கு இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருந்து, வெடிப்பு கண்ட இடத்தில் சேற்றை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெள்ளையாக வரும் புகை மெலிந்து நீலம் பாயும்போது, "வெந்துருச்சு" என்று அம்மா சொல்லுவார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு நான் படித்ததில் பாதி, அப்பாவுடன் மூட்டத்துக் காவலில் இருந்த இரவுகளில்தான்.

2022 சூலையில் கல்லூரியில் சேர்ந்தேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது இல்லாதிருந்தால் முதலாண்டையே தாண்டியிருக்க மாட்டேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனாலும் விடுதியில் உணவுக்கு மட்டுமே மாதம் 2,800 ரூபாய் ஆயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப அப்பா கரி வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் கூலிக்குத்தான் மூட்டம் போட வேண்டும். கணக்குத் தீரும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு என்று தொடங்கியது, பண்டிகைக் காலத்தில் வார நாள்களுக்கும் நீண்டது. செய்முறை வகுப்புகள் பலவற்றைத் தவறவிட்டேன். வருகைப் பதிவு 68 விழுக்காடாகக் குறைந்து, தண்டம் கட்டித்தான் தேர்வு எழுத நேர்ந்தது. இரண்டாம் பருவத்தில் இயற்பிய வேதியியல் தாளில் தேர்ச்சி பெறவில்லை. மாதிரிக் கடிதத்தில் இதை எழுத இடமே இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் தாங்களும் அறிந்திருக்கப் போவதில்லை. ஆனால் தங்கள் உதவி எந்த நேரத்தில் வந்தது என்பதை இதைச் சொல்லாமல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

தோற்ற தாளின் முடிவு வந்து மூன்றாவது வாரத்தில், உதவித்தொகைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். தாளில் தவறியவளுக்குக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். நன்கொடையாளர் வைத்த ஒரே நிபந்தனை, மாணவர் படிப்பை விட்டுவிடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என்றும், மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை என்றும் அவர் சொன்னார். ஐயா, பெரும்பாலான உதவித்தொகைகள் ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருப்பவர்களையே தேடிப் போகின்றன. அது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நின்றிருந்தால் என் முறை வந்தே இருக்காது.

தாங்கள் கணக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. முதல் தவணையாக வந்த 12,000 ரூபாயில் மூன்று மாத விடுதிப் பாக்கி 8,400 ரூபாயை அன்றே கட்டினேன். தேர்வுக் கட்டணத்துக்கு 1,150 ரூபாயும், ஆய்வகத்து வெள்ளை மேலங்கிக்கு 350 ரூபாயும் ஆயின. 1,000 ரூபாய்க்குப் பழைய புத்தகக் கடையில் மூன்று பாடநூல்கள் வாங்கினேன். மீதி 1,100 ரூபாயில் கண்ணாடி போட்டுக்கொண்டேன். பியூரெட்டில் நீர்மத்தின் வளைவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான் எப்போதும் தவறாகவே படிப்பேன். கவனக்குறைவு என்று திட்டும் வாங்கியிருக்கிறேன். கண்ணாடி போட்ட முதல் நாள் 14.6 என்பதும் 14.8 என்பதும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தன. மற்ற மூன்று தவணைகளும் பெரும்பாலும் விடுதிக்கும் தேர்வுக் கட்டணத்துக்குமே சென்றன. இரண்டு ஆண்டுகளில் வந்த 48,000 ரூபாய்க்கும் ரசீதுகளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ரசீதில் வராத ஒன்று உண்டு. கடை வேலையை விட்டேன். சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. 2023 நவம்பரில் அந்த இயற்பிய வேதியியல் தாளை மீண்டும் எழுதி 71 மதிப்பெண் பெற்றேன். அதன் பிறகு வேறு எந்தத் தாளிலும் நான் தவறவில்லை.

அதே பாடத்தின் செய்முறை வகுப்பில் நடந்ததைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அசிட்டிக் அமிலக் கரைசலைக் கரித்தூளோடு சேர்த்து மூடிய குடுவைகளில் அரைமணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மீதமுள்ள அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்து, கரி எவ்வளவு அமிலத்தைத் தன் பரப்பில் கவர்ந்துகொண்டது என்று கணக்கிடும் சோதனை அது. ஒரு கிராம் கிளர்வூட்டிய கரியின் துளைகளுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று ஆசிரியை சொன்னபோது, குடுவையின் அடியில் கிடந்த அந்தக் கறுப்புத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையிலும் துணியிலும் அம்மாவின் நகக்கண்ணிலும் இருந்த பொருள் அது. வெடிப்பில் சேறு அப்புவது ஏன், புகையின் நிறம் மாறுவது ஏன் என்பதற்கெல்லாம், காற்றுப் புகாத வெப்பச் சிதைவு என்று என் பாடநூலில் ஒரு பத்தியே இருந்தது. அம்மா அந்தப் பத்தியைப் படித்ததில்லை. ஆனால் அதில் உள்ள எல்லாவற்றையும் அறிந்திருந்தார்.

அதனால் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எங்கள் மூட்டத்துக் கரியையே எடுத்துக்கொண்டேன். நானும் இரண்டு தோழிகளும் அதைப் பொடித்து, சலித்து, கழுவி, உலர்த்திச் சோதித்தோம். ஆய்வகத்துக் கிளர்வூட்டிய கரி கவர்ந்த அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அது கவர்ந்தது. துளைகள் திறக்கப்படாத கரி அவ்வளவுதான் செய்யும் என்று ஆசிரியை விளக்கினார். எங்கள் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரை இந்தக் கரி மாற்றிவிடும் என்று நான் ஒரு காலத்தில் கற்பனை செய்திருந்தேன். நிறத்தையும் வாடையையும் கரி நீக்கினாலும், கரைந்திருக்கும் உப்பை அது விட்டுவிடும் என்பதையும் இப்போதுதான் சோதித்து அறிந்தேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் நானே செய்து பார்த்து அறிந்த விடை அது.

பிப்ரவரியில் ஐ.ஐ.டி.களில் முதுநிலைப் படிப்புக்கான ஜாம் தேர்வை எழுதினேன். தகுதி பெற்றிருக்கிறேன், ஆனால் என் தரவரிசைக்கு இடம் கிடைப்பது கடினம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. வேதியியலுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். எங்கே சேர்ந்தாலும் தங்களுக்கு எழுதுவேன். அதற்காகத் தங்களிடம் மேலும் உதவி கேட்கும் எண்ணம் இல்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து நம்ப வேண்டும். அடுத்த ஆண்டு இந்தத் தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் இருந்த நிலையில் இப்போது இருக்கும் ஒரு மாணவிக்குப் போக வேண்டும். முதலாண்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய ஒப்புதலோடு துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற சூன் மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நான் பேருந்திலிருந்து இறங்கியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இந்த வருசம் யாருகிட்டயும் முன்பணம் வாங்கலத்தா" என்பதுதான். அப்பா இப்போது தானே ஒரு காட்டைக் குத்தகைக்குப் பேசி மூட்டம் போடுகிறார். கரியை யாரிடம் விற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். இதைத் தங்களிடம் கட்டாயம் எழுத வேண்டும் என்று அவர் இரண்டு முறை தொலைபேசியில் நினைவுபடுத்தினார்.

அம்மா தங்களுக்காக இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பனையில் இறக்கிய பதநீரில் காய்ச்சியது. கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன்; அடுத்த முறை தாங்கள் மதுரை வரும்போது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காற்றுப் பட்டால் கசிந்துவிடும் என்பதால் இறுக மூடிய டப்பாவில் வைக்கும்படி அம்மா சொல்லச் சொன்னார்.

மிக்க நன்றியுடனும் வணக்கத்துடனும்,

தங்கள் உண்மையுள்ள,
மு. பாண்டிச்செல்வி
இளநிலை வேதியியல், மூன்றாமாண்டு

இணைப்பு: ஐந்து பருவங்களின் மதிப்பெண் பட்டியல் நகல்கள், ரசீது நகல்கள், திட்டப்பணியின் சுருக்கம்.